நைட்ரைட்டா, நைட்ரேட்டா?

புளியந்தோப்பில் ஒன்பதாம் வகுப்புக்கு நைட்ரஜன் சுழற்சியில் தேர்வு வைக்கிறீர்கள். தமிழ் மீடியமும் இங்கிலீஷ் மீடியமும் எழுத ஒரே தாள். முதலில் ஆங்கில வினாக்களை நிதானமாக அடியுங்கள். தமிழைத் தொடங்க ஜெராக்ஸ் கடை மூடுவதற்குக் கால்மணி நேரம் இருந்தால் போதும்.

உதாரணமாக, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா எது? விடை: நைட்ரோபாக்டர். அவசரத்தில் தமிழில் மட்டும் அது 'நைட்ரேட்டை நைட்ரைட்டாக' என்று விழும். விழட்டும். ஒரு கொம்புதானே வித்தியாசம்! ஆனால் NO2 என்பதும் NO3 என்பதும் ஒன்றல்ல, வினா தலைகீழாகிவிட்டது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது நைட்ரோசோமோனாஸ், அதை நைட்ரேட்டாக்குவது நைட்ரோபாக்டர். இரண்டுக்கும் ஆக்சிஜன் வேண்டும். திரும்பி வருகிற பாதை வேறு. காற்றுப் புகாத சேற்றில் சூடோமோனாஸ் போன்றவை நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கி, கடைசியில் N2 ஆக வெளியே அனுப்புகின்றன. ஆகவே தமிழில் படித்துச் 'சூடோமோனாஸ்' என்று எழுதிய பிள்ளைதான் அச்சிட்ட வினாவுக்குச் சரியான விடை எழுதியது. விடைக்குறிப்பில் அது இல்லை, முட்டை போடுங்கள்.

அடுத்து ஐந்து மதிப்பெண் வினா. 'சுழற்சியைப் படத்துடன் விளக்குக' என்று கேட்டு, குறிப்பில் நிலைக்கு ஒன்றாக ஐந்து மதிப்பெண் பிரித்து, 'மின்னல், ரைசோபியம், இறந்த தாவரங்கள்' என்று மூன்றே சொல் எழுதி மூடிவிடுங்கள். 'இதற்கு இணையான விடை' என்ற வரியை மறந்தும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் என்ன ஆகும்? பின்பெஞ்சுப் பையன் ஆட்டுத்தொட்டியை எழுதுவான். அங்கே கொட்டும் ரத்தமும் குடலும் அழுகும்போது புரதம் சிதைந்து அம்மோனியா வருகிறது, மூக்கில் ஏறுவதில் அதுவும் உண்டு என்பான். அம்மோனியாவாதலுக்கு இதைவிட நல்ல விடை எந்த நோட்ஸிலும் கிடையாது, அதனால்தான் ஆபத்து. இன்னொருத்தி எண்ணூரை எழுதுவாள். 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்களே, அது உரத் தொழிற்சாலைக்குப் போகும் சரக்கு. காற்று நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அழுத்தத்தில் சேர்த்துச் செய்வது, ஆக நிலைப்படுத்தலை மனிதனும் செய்கிறான் என்று அவள் வாதாடினால் ஒரு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும்.

'செடி காற்றிலிருந்து நைட்ரஜனை நேராக இழுக்கிறது' என்று எழுதியவனுக்கோ அம்புக்குறி அழகாக இருப்பதால் அரை மதிப்பெண். அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்கவே கூடாது.

தாள் கொடுத்த மறுநாள் இடைவேளையில் மேசையைச் சுற்றி நிற்பார்கள். "மிஸ், நம்ம கேள்வியில இருக்கிறது ரைட்டா, ரேட்டா?" மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடையுங்கள், மணி அடிக்கும்வரை.