தலை எங்கே தொடங்குகிறது: கள்ளக்குறிச்சி விசாப் படங்கள் பற்றிய ஓர் ஆய்வு

பெரியவர்களின் முகத்தைப் பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே படம்பிடித்துவிடுகிறார்கள். ஆகவே கள்ளக்குறிச்சி ஸ்டூடியோக்களுக்கு எஞ்சுபவை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் படமும் விசாப் படமும்தான். குழந்தை எந்த விதிக்கும் அடங்காது. எனவே இக்கட்டுரை விசாப் படத்தை மட்டுமே ஆராய்கிறது.

இத்துறையின் தீராத சிக்கல், தலை எங்கே தொடங்குகிறது என்பது. இதில் இரு மரபுகள் உண்டு. அமெரிக்க மரபில் படம் 51 மி.மீ. சதுரம், மோவாயிலிருந்து முடியின் உச்சி வரை 25 முதல் 35 மி.மீ. இருக்க வேண்டும். ஜெர்மானிய மரபில் படத்தின் உயரம் 45 மி.மீ.; மோவாயிலிருந்து மண்டை உச்சி வரை 32 முதல் 36 மி.மீ. அங்கே முடி கணக்கில் வராது. முடியும் தலைதானா என்பதில் வல்லரசுகளே ஒத்துப்போகவில்லை.

முன்முடியைத் தூக்கி வாரிய இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அச்சில் மண்டை உச்சி வரை 33 மி.மீ., அதற்குமேல் முடி 4 மி.மீ. ஜெர்மனிக்கு இவர் தேறுவார். அதே அளவில் சதுரமாக அச்சிட்டு அமெரிக்காவுக்குக் கொடுத்தால் தலை 37 மி.மீ. ஆகி, இவர் இரண்டு மி.மீ. அதிகப்படியான மனிதர் ஆகிவிடுவார். உருவத்தை 89 விழுக்காடாகச் சுருக்கினால் முடியோடு 33 மி.மீ. வரும், முடிதிருத்தகம் வரை போக வேண்டியதில்லை.

அடுத்தது பின்னணி. வெள்ளிமலைப் பக்கம் சுண்ணாம்படித்த சுவர் இலவசமாகக் கிடைக்கும் வெள்ளைத் திரைதான். ஆனால் சுண்ணாம்பில் நீலம் கலந்திருந்தால் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிவது கேமராவில் இளநீலமாக விழும். கணினியில் சுவரின் ஒரு புள்ளியைத் தொட்டு, சிவப்பு, பச்சை, நீல எண்களைப் பார்த்தால் போதும். நீலம் மட்டும் தனியே உயர்ந்திருந்தால் குற்றவாளி சுவரே. மாவட்டத்தின் கண்ணியச் சீருடையான வெள்ளைச் சட்டையோ வெள்ளைத் திரையில் கரைந்து, தோளில்லாத தலையை மட்டும் மிஞ்சவிடும். அடர்நிறச் சட்டை உத்தமம்.

வெளிச்சத்தில் பெரிய தத்துவம் இல்லை. தலைக்கு நேர்மேலே டியூப்லைட் எரிந்தால் கண்குழி இருண்டுவிடும். திரையை ஒட்டி நின்றால் காதுக்குப் பின்னால் நிழல் விழும். மூன்று நான்கு அடி முன்னே வந்து, இரு பக்கமும் சமமாக ஒளி படும்படி நிற்க வேண்டும். நெற்றியில் மின்னும் தேங்காயெண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

முகபாவம் இயல்பாக, வாய் மூடி, இரு கண்ணும் திறந்திருக்க வேண்டும். சிரிக்காதீர்கள் என்றதும் பலரும் வழக்காட வந்தவர்போல் புருவத்தை நெரிக்கிறார்கள். அதுவும் இயல்பு அல்ல. மூச்சை வெளியே விடும் கணத்தில் எடுப்பதே அனுபவசாலிகளின் முறை. 2016 நவம்பர் 1 முதல் அமெரிக்க விசாப் படத்தில் மூக்குக்கண்ணாடிக்கு இடமில்லை. கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றி, மூக்கில் பதிந்த தடம் மறையும் வரை சற்றுக் காத்திருப்பது நல்லது.