வரவேற்புரை: உள்ள போ!

சென்னை மாநகரப் பேருந்தில் நடத்துநர் பயணிகளை வரவேற்கும் முறைக்கு ‘உள்ள போ’ என்று பெயர். கும்பிடு, புன்னகை எல்லாம் இதிலேயே அடக்கம். உள்ளே இடம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். அடுத்த வரி, ‘படியில நிக்காத’. மூன்றாவது, ‘சில்லறை எடுத்து வை’. கூட்டம் முற்றினால் நடத்துநர் பின்கதவருகே உள்ள தம் இருக்கையை விட்டு அசைவதில்லை. காசு பல கை மாறி வந்து, சீட்டு அதே வழியில் திரும்பிப் போகும்.

வழி தெரியாதவருக்கு உதவுவது தனிக் கலை. பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் ஓடும் 29சி-யை எடுத்துக்கொள்வோம். போகவும் வரவும் எண் ஒன்றே. பெசன்ட் நகர் போக வேண்டிய பெரியவர், மயிலாப்பூர் லஸ்ஸில் எண்ணை மட்டும் பார்த்துப் பெரம்பூர் வண்டியில் ஏறிவிடுகிறார். பலகையில் இருந்த ஊரைப் படிக்கவில்லை. அவர் கேட்பதோ, “பெசன்ட் நகர் எப்ப வரும்?”

“இப்பதான் அங்கேருந்து வர்றோம், பெருசு. போர்டு பாக்க மாட்டியா?”

திட்டு முடிந்ததும் ஒற்றை விசில், வண்டி நிற்கிறது. “ரோட்ட தாண்டி எதிர்ல நில்லு, இதே நம்பர்தான். பாத்து எறங்கு.” சீட்டுக்குக் காசு வாங்கவில்லை. பெரியவரின் கால் தரையில் பட்டதைக் கண்ட பிறகே இரட்டை விசில். அதற்குள் ஏறிவிட்ட நான்கு பேருக்கு வரவேற்புரை தொடங்குகிறது.