பார்சல் எங்கே?

கேள்வி: மதுரை கே.கே. நகரில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். வூகாமர்ஸ் கடை. நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் ‘பார்சல் எங்கே?’ என்றுதான் கேட்கிறார்கள். ஆர்டர் நிலை தானாக மாற வழி உண்டா?

பதில்: இரண்டு வழி உண்டு. உங்கள் கடை அவ்வப்போது கூரியரிடம் கேட்கலாம். அல்லது கூரியரே உங்கள் கடைக்குச் சொல்லலாம். இரண்டாவதற்கு வெப்ஹூக் என்று பெயர். கூரியர் கணக்கின் செட்டிங்ஸில் உங்கள் தளத்தின் முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டால், பார்சல் ஸ்கேன் ஆகும்போதெல்லாம் செய்தி அங்கே வந்துவிடும். அந்த வசதி இல்லாத கூரியரிடம் மணிக்கொரு தடவை கேட்டால் போதும். ராத்திரி முழுக்க லாரியில் போகிற பார்சலை நடுவழியில் யாரும் ஸ்கேன் செய்வதில்லை. எந்த வழியானாலும், ஆர்டரோடு ட்ராக்கிங் எண்ணைச் சேர்த்துச் சேமியுங்கள். செய்தி எந்த ஆர்டருக்கு உரியது என்று அதை வைத்துத்தான் தெரியும்.

கேள்வி: ஸ்பீட் போஸ்ட் எண்ணைக் கையால்தான் அடிக்கிறேன். ஓர் இலக்கம் தப்பினால்?

பதில்: வேறு யாருடைய பார்சலாவது உங்கள் வாடிக்கையாளருக்குத் தெரியலாம். ஆனால் அந்தத் தப்பைப் பெரும்பாலும் எண்ணே காட்டிக்கொடுக்கும். ET102030405IN என்று வைத்துக்கொள்வோம். முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 61. அதை 11 ஆல் வகுத்தால் மீதி 6. 11இல் 6 போனால் 5. ஒன்பதாவது இலக்கமும் 5, ஆக எண் சரி. (விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5.) எட்டில் ஏழாவதாக உள்ள 4ஐ 5 என்று அடித்திருந்தால் விடை 7 வரும், பொருந்தாது. இந்தக் கணக்கைச் சேமிக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். தனியார் கூரியர் எண்களுக்கு இது செல்லாது. அங்கே பார்கோடை ஸ்கேன் செய்வதே நல்லது.

கேள்வி: வாடிக்கையாளர் வாங்க மறுத்த பார்சல் என் வீட்டுக்கே திரும்பி வந்தது. அன்றைக்கே அவருக்கு ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று மெசேஜ் போயிருக்கிறது! அவர் என்னைத் திட்டுகிறார்.

பதில்: அவர் கோபம் நியாயம். திரும்பும் பார்சலை ஆர்டிஓ என்பார்கள். அது உங்கள் கைக்கு வந்ததும் கூரியர் ‘RTO Delivered’ என்று பதியும். உங்கள் நிரல் அதில் ‘Delivered’ என்ற சொல்லை மட்டும் தேடி, ஆர்டரை Completed ஆக்கியிருக்கும். வூகாமர்ஸும் மெயில் அனுப்பியிருக்கும். சொல்லைத் தேடாமல் நிலையை முழுதாக ஒப்பிடுங்கள். ஒரு தடவை ஆர்டிஓ என்று வந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த ஆர்டர் எந்தச் செய்தியாலும் Completed ஆகக் கூடாது. ‘திரும்பி வருகிறது’ என்று தனி நிலை வையுங்கள்.

கேள்வி: டெலிவரி ஆன பிறகு மறுபடியும் ‘Out for Delivery’ காட்டுகிறதே?

பதில்: பழைய செய்தி தாமதமாக வந்திருக்கிறது. கூரியர் தளத்தில் சரியாக இருந்து, உங்கள் கடையில் மட்டும் தப்பாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். செய்தி வந்த நேரத்தைப் பார்க்காதீர்கள், ஸ்கேன் ஆன நேரத்தைப் பாருங்கள். சேமித்ததைவிடப் பழையது என்றால் விட்டுவிடுங்கள். ஒரு நேரம் இந்திய நேரத்திலும் மற்றது ஜிஎம்டியிலும் இருந்தால் ஐந்தரை மணி நேரம் பிசகும். அதையும் சரிசெய்துவிட்டு ஒப்பிடுங்கள்.