ரூபாய் மயக்கம்: தேக்காவில் ஒரு கள ஆய்வு

வேற்றுமை உருபுகள் இடம் மாறி வருவதை இலக்கணம் உருபு மயக்கம் என்கிறது. எந்த விலையையும் ரூபாயாக மாற்றிப் பார்க்கும் ரூபாய் மயக்கம் பற்றி எந்த இலக்கணமும் பேசவில்லை. இலக்கண ஆசிரியர்கள் யாரும் தேக்காவில் டீ குடித்ததில்லை என்பதே காரணமாக இருக்கலாம். அக்குறையை நீக்க இக்கட்டுரை முயல்கிறது. கள ஆய்வு நான்கு நாள்; ஆய்வாளர் அடியேன்; ஆய்வுப் பொருளும் அடியேனே.

தேக்கா என்னும் லிட்டில் இந்தியாவில் இறங்கிய முதல் மணி நேரத்திலேயே நோய் வெளிப்பட்டது. டீக்கடைக்காரர் "ஒன்றரை வெள்ளி அண்ணே" என்றார். சிங்கப்பூர்த் தமிழர் வாயில் டாலர் இன்றும் வெள்ளிதான். நான் நாணயமாற்றுச் செயலியைத் திறந்து 1.50 என்று தட்டினேன். அன்றைய விகிதம் வெள்ளிக்கு 66 ரூபாய். விடை 99 வந்தது. "கணக்கை முடிச்சுட்டுக் குடிங்க, ஆறிப்போகுது" என்றாள் மனைவி.

இந்தப் பெருக்கலுக்கு வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சிங்கப்பூர் அரசாங்கம் ரூபாயில் கணக்கு எழுதியது. கடைத்தெருவோ ஸ்பானிய, மெக்சிக வெள்ளி நாணயங்களில் நடந்தது. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து பெருக்கியும் வகுத்தும் முதுகொடிந்த எழுத்தர்களே நம் செயலியின் மூதாதையர் என்று துணிகிறேன். 1867 ஏப்ரல் 1-ஆம் தேதி நீரிணைக் குடியிருப்புகள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து நேரடி பிரிட்டிஷ் குடியேற்றமானபோது ரூபாய் விடைபெற்றது. பெருக்கல் மட்டும் விடைபெறாமல் இந்தியப் பயணிகளின் தலைக்குள் குடியேறிவிட்டது.

இனி ஆய்வின் மையம். செயலி காட்டும் 66 என்பது விலையன்று. பெரிய வங்கிகள் தமக்குள் வாங்கவும் விற்கவும் சொல்லும் விலைகளுக்கு நடுப்புள்ளி அது. அந்த நடுப்புள்ளியில் நமக்குப் பணம் மாற்றித் தரும் ஆளை இப்பூவுலகில் காண்பது அரிது.

சோதித்துப் பார்க்க சையது ஆல்வி சாலை, முஸ்தபா சென்டர் பக்கமுள்ள நாணயமாற்றுக் கடை ஒன்றுக்குப் போனேன். கையில் 25,000 ரூபாய். இந்தியாவில் வசிப்பவர் இந்திய நோட்டாக வெளியே எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே அதுதான். பலகையில் 66-ஐத் தேடினேன், இல்லை. அங்கே கணக்குத் தலைகீழ்: நூறு ரூபாய்க்கு எத்தனை வெள்ளி என்று எழுதியிருப்பார்கள். வாங்கும் விலை 1.47. நூற்றை அதால் வகுத்தால் வெள்ளிக்கு 68 ரூபாய். செயலியின் கணக்கில் 378 வெள்ளி 79 காசு வரவேண்டும். கைக்கு வந்தது 367 வெள்ளி 50 காசு. இழப்பு 11 வெள்ளி சொச்சம், அதாவது ஏழரை டீ. இந்த எண் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அட்டை இன்னும் நுட்பமானது. ஒரு கடையில் 50 வெள்ளிக்குப் பொருள் வாங்கி அட்டையை நீட்டினேன். கருவியின் திரை SGD-யா INR-ஆ என்று கேட்டது. தாய்நாட்டு எழுத்தைக் கண்டதும் நெஞ்சு நெகிழ்ந்து INR-ஐத் தொட்டேன். 3,480 ரூபாய். ஐம்பதால் வகுத்துப் பார்த்திருந்தால் வெள்ளிக்கு 69.60 என்று அங்கேயே தெரிந்திருக்கும். SGD-யைத் தொட்டிருந்தால் விகிதம் 66-ஐ ஒட்டியே இருந்திருக்கும். என் வங்கி அந்த 3,300-க்கு மூன்றரை விழுக்காடு, அதாவது 115.50, சேர்த்து, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியாக 20.79 போட்டிருக்கும். மொத்தம் சுமார் 3,436. நெகிழ்ச்சியின் விலை 44 ரூபாய். ரூபாயில் தீர்த்த கணக்குக்கும் வெளிநாட்டுக் கட்டணம் போடும் வங்கிகள் உண்டு. அது மாதக் கடைசியில்தான் தெரியும்.

இணையம் இல்லாத இடத்தில் செயலி பழைய விகிதத்தையே கூச்சமில்லாமல் காட்டும். எந்த நாளின் விகிதம் என்பது திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். என் செயலி இரண்டு நாள் முழுக்க, ஊரில் கிளம்பிய அன்றைய விகிதத்திலேயே பெருக்கிக்கொண்டிருந்தது. வித்தியாசம் சில பைசாதான் என்றாலும் ஓர் ஆய்வாளனுக்கு இது தலைகுனிவு.

மூன்றாம் நாள் மாலை ஒரு வியப்பு. பஃபலோ சாலையில் மனைவி மல்லிகைப்பூ வாங்கினாள். விலை மூன்று வெள்ளி. நான் பெருக்கவில்லை. மயக்கம் தெளிந்துவிட்டது என்று குறிப்பேட்டில் பதிவு செய்தேன்.

அவசரப்பட்டுவிட்டேன். திரும்பி வந்து இறங்கிய விமான நிலையத்தில் ஒரு டீ 200 ரூபாய் என்றார்கள். கை தானாகச் செயலியைத் திறந்து வகுத்தது.

"மூணு வெள்ளியா?" என்று கத்தினேன். "தேக்காவில் பாதி விலைதானே!"