மணிக்கு எவ்வளவு என்று கேள், அக்கா

சார்செல், பாரிசுக்கு வடக்கே

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத் தேவையில்லை. நீ அனுப்பிய இரண்டு காப்பக நோட்டீஸ்களே உன் நிலவரத்தைச் சொல்லிவிட்டன. லீவு முடிகிறது, நேரு வீதி ஆபீஸ் கூப்பிடுகிறது, குட்டிப் பயலை எங்கே விடுவது என்று தெரியவில்லை. மாமா வழக்கம்போல “எது சீப்போ அதுல சேர்த்துடு” என்று சொல்லிவிட்டுக் கடற்கரைச் சாலைக்கு வாக்கிங் போயிருப்பார்.

எது சீப் என்பதுதானே தெரியவில்லை! ஒன்றில் மாதம் 5,000, இன்னொன்றில் 8,500. பார்த்த மாத்திரத்தில் முதலாவதற்குக் கை போகும். கொஞ்சம் பொறு. இந்த ஊர் கிரெஷ் எனக்குக் கணக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

இங்கே முனிசிபாலிட்டி கிரெஷ்ஷில் “மாதம் எவ்வளவு?” என்று கேட்டால் பதில் வராது. “உங்கள் சம்பளம் எவ்வளவு?” என்று திருப்பிக் கேட்பார்கள். நம்மூரில் பெண் பார்க்க வரும்போதுதான் அப்படிக் கேட்பார்கள். இங்கே பால்புட்டியோடு நிற்கும்போதே கேட்கிறார்கள். ஒரு குழந்தை உள்ள வீடானால் குடும்பத்தின் மாத வருமானத்தில் 0.0619 சதவீதம்தான் ஒரு மணி நேரத்துக் கட்டணம். நாடு முழுக்க ஒரே அட்டவணை. அதுவும் இந்த மாதச் சம்பளம் இல்லை, இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானக் கணக்கு. எங்களைப் போல 3,000 யூரோ வருமானம் என்றால் மணிக்கு 1 யூரோ 86 சென்ட். 1,500 யூரோ வீட்டுப் பிள்ளைக்கு 93 சென்ட். 6,000 யூரோ வீட்டுப் பிள்ளைக்கு 3 யூரோ 71 சென்ட். மூன்று பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே சுரைக்காய்க் கூழை ஒரே மாதிரி துப்புகிறார்கள். துப்புவதற்கு மட்டும் ஆளுக்கொரு ரேட்.

இரண்டாவது குழந்தை பிறந்தால் சதவீதம் 0.0516 ஆகக் குறையும். அம்மா போன் செய்யும்போதெல்லாம் கேட்கிற அடுத்த பேரக்குழந்தைக்காக பிரெஞ்சு அரசாங்கம் எங்களுக்குத் தரும் ஊக்கத்தொகை மணிக்கு 31 சென்ட். அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

அந்த மணிக் கட்டணத்துக்குள் சாப்பாடு, டயப்பர் எல்லாம் அடக்கம். தனியாக ஒரு சென்ட் கேட்கக்கூடாது என்பது விதி. அதன் மறுபக்கமும் உண்டு. அலர்ஜி உள்ள பிள்ளைக்கு வீட்டிலிருந்து சோறு கட்டிக் கொடுத்தனுப்பினாலும் ஒரு சென்ட் கழிக்க மாட்டார்கள். மற்றபடி வீட்டுச் சாப்பாட்டுக்கு இடமே இல்லை. வாரத்து மெனுவைக் கதவில் ஒட்டியிருப்பார்கள். மீன் என்று போட்டிருந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வந்தது மஞ்சளும் காணாத, மிளகாயும் காணாத, வெறுமனே வெந்த மீன். பின்னாலேயே ஒரு துண்டு சீஸ். என் மகள் அதைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் சாதத்தை முறைக்கிறாள்.

இனி நேரக் கணக்கு. சேரும்போதே வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம் என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். எங்களுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரை, வாரம் 5 நாள், வருடம் 46 வாரம். நாங்கள் ஊருக்கு வரும் விடுமுறையை முதலிலேயே கழித்துவிட்டார்கள். மொத்தம் 2,070 மணி. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 172.5 மணி. மணிக்கு 1.86 என்றால் மாதம் 320 யூரோ 85 சென்ட். வருடம் முழுக்க அதே பில். இதில் பாதியளவுக்கு வரியில் திரும்ப வரும், குழந்தைக்கு வருடம் 1,750 யூரோ வரை. யூரோவை ரூபாயாக மாற்றி அம்மாவுக்குச் சொல்லாதே. அந்தப் பணத்துக்கு இரண்டு ஆயா வைத்துக்கொள்ளலாமே என்பார்கள்.

ஒப்பந்த நேரத்தைத் தாண்டினால் தொடங்கிய ஒவ்வொரு அரை மணிக்கும் காசு. வாசலில் ஒரு டேப்லெட் இருக்கும், பிள்ளையின் பெயரைத் தொட்டால் நேரம் பதிவாகும். 8.56-க்குத் தொட்டால் அரை மணி, 6.04-க்குத் தொட்டால் இன்னொரு அரை மணி. அதனால் ஜனவரிக் குளிரில் ஏழெட்டு அப்பா அம்மாக்கள் தள்ளுவண்டியோடு வாசலுக்குள் நுழைந்து, டேப்லெட் முன்னால் விரலை நீட்டியபடி நிற்பார்கள். 8.58. 8.59. யாரும் பேசமாட்டார்கள். 9.00 ஆனதும் விரல்கள் பாயும். அரை மணிக்கு 93 சென்ட்தான். ஆனாலும் பாயும். ஒன்றைச் சொல்லவேண்டும்: அந்தக் கூடுதல் அரை மணிக்கும் அதே ரேட்தான், அபராதம் என்று ஏற்றமாட்டார்கள். அடிக்கடி தாமதமானால் ஒப்பந்தத்தைத் திருத்தச் சொல்வார்கள்.

காய்ச்சலுக்கும் சட்டம் உண்டு. மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் நாலாம் நாளிலிருந்துதான் கழிவு. முதல் மூன்று நாள் நம் தலையில். என் மகள் மூன்றாம் நாள் சாயங்காலமே எழுந்து சோபாவில் குதிக்க ஆரம்பித்துவிடுவாள்.

இவ்வளவு சலுகை இருந்தும் எல்லோரும் இங்கே ஏன் சேர்வதில்லை என்று கேட்பாய். இடம் கிடைக்காது. வயிற்றில் இருக்கும்போதே முனிசிபாலிட்டியில் பதிந்து வைக்கவேண்டும். பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்குள் வரிசையில் எண் வந்துவிடும். இடம் கிடைக்காதவர்களுக்குத் தனியார் சின்ன கிரெஷ் உண்டு. அங்கே மணிக்கு 10 யூரோ வரை போகும். அதைத் தாண்டினால் பெற்றோருக்கு அரசு உதவித்தொகை கிடையாது என்பதால் அந்தக் கோட்டருகே நிற்கும் இடங்கள் பல. சேர்க்கைக் கட்டணம், முன்பணம் எல்லாம் தனி. சில இடங்களில் டயப்பரும் தனி.

இன்னொரு வழி, உரிமம் பெற்ற ஆயாவின் வீட்டில் விடுவது. நம்மூர்க்காரர்களே சிலர் இந்த வேலை செய்கிறார்கள். மணிச் சம்பளம், நாளுக்குப் பராமரிப்புப் படி, சாப்பாட்டுக்குத் தனிப் படி, எல்லாம் தனித்தனிக் கணக்கு. வாரம் 45 மணியைத் தாண்டினால் கூடுதல் மணிக்குக் குறைந்தது 10 சதவீதம் ஏற்றிக் கொடுக்கவேண்டும். அரசு ஒரு பங்கு தருகிறது என்றாலும் அவர்களுக்கு நாம்தான் முதலாளி. சம்பள ரசீது, சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் நம் பொறுப்பு. ஆபீசில் கைகட்டி நிற்கும் நான் வீட்டுக்கு வந்து முதலாளி வேடம் போடவா என்று இவர் மறுத்துவிட்டார்.

இந்த வியாபாரம் தொடங்கியதும் இதே பாரிசில்தான். 1844-இல் ஃபிர்மேன் மார்போ என்பவர் ஷையோ பகுதியில் முதல் கிரெஷ்ஷைத் திறந்தார். வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார்கள் நாளுக்கு 20 சென்டிம் கொடுத்து விட்டுச் செல்வார்கள், நடுவே வந்து பாலூட்டிவிட்டுப் போவார்கள். சாப்பாட்டுச் செலவு தாயின் கணக்கு, பராமரிப்பு கிரெஷ்ஷின் கணக்கு என்ற பிரிவினை அன்றைக்கே இருந்திருக்கிறது.

சரி, உன் நோட்டீஸ்களுக்கு வருகிறேன். மாதத் தொகையை மறந்துவிட்டு, பிள்ளை உண்மையில் அங்கே இருக்கும் மணியால் வகுத்துப் பார்ப்போம். உனக்கு ஆபீஸ் 6 மணிக்கு முடிகிறது, வண்டியை எடுத்து வந்து சேர 6.30. காலை 9 என்று வைத்தால் நாளுக்கு 9½ மணி. சனிக்கிழமையும் சேர்த்து மாதம் 25 நாள் என்றால் 237.5 மணி.

முதல் இடம் 5,000, ஆனால் மாலை 5 மணி வரைதான். பிறகு மணிக்கு 60 ரூபாய். அடியில் பொடி எழுத்தில் “ஒரு மணிக்குக் குறைந்தாலும் ஒரு மணியே” என்று இருக்கிறது, கண்ணாடி போட்டுப் படி. அப்படியானால் உன் ஒன்றரை மணி இரண்டு மணியாகும். நாளுக்கு 120, மாதம் 3,000. சாப்பாடு நாளுக்கு 70, மாதம் 1,750. சேர்க்கைக் கட்டணம் வருடத்துக்கு 3,000, மாதத்துக்கு 250 என்று பிரித்துக்கொள். மொத்தம் 10,000. மணிக்கு 42 ரூபாய்.

இரண்டாவது இடம் 8,500, சாப்பாட்டோடு, மாலை 6.30 வரை. சேர்க்கைக் கட்டணம் வருடத்துக்கு 6,000, மாதத்துக்கு 500. மொத்தம் 9,000. மணிக்கு 38 ரூபாய். சீப் என்று தோன்றியது மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதல்!

ஆனால் அம்மா 5 மணிக்குப் போய்ப் பயலை அழைத்து வந்தால் கணக்கே தலைகீழ். 8 மணி வீதம் மாதம் 200 மணி. முதல் இடம் 7,000 ரூபாய், மணிக்கு 35. இரண்டாவது அதே 9,000, மணிக்கு 45. அம்மா சோறும் கட்டிக் கொடுத்தால் முதல் இடம் 5,250-க்கு இறங்கிவிடும். ஆக, உன் பிரச்சினை காப்பகம் இல்லை, அம்மாவின் சாயங்கால சீரியல்.

பணம் கட்டுவதற்கு முன் சிலதைக் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கு. தாமதத்துக்கு அரை மணிக் கணக்கா, முழு மணிக் கணக்கா? மே மாதம் ஒரு வாரம் ஊருக்குப் போனாலும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பணம் கழிப்பார்களா? சேர்க்கைக் கட்டணம் ஒருமுறையா, வருடா வருடமா? முன்பணம் திரும்ப வருமா?

இன்னொன்று. நம் நாட்டுச் சட்டப்படி 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் காப்பக வசதி செய்து தரவேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கவும் விடவேண்டும். உன் ஆபீசில் எத்தனை பேர் என்று நீயே எண்ணிக்கொள். மேனேஜரை எண்ணச் சொன்னால் 49-இல் நிறுத்திவிடுவார்.

என் தீர்ப்பு: அம்மா தினமும் 5 மணிக்குப் போவதாக ஒப்புக்கொண்டால் முதல் இடம். “முடிஞ்சா போறேன்” என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது இடம்.

அன்புடன்,
உன் தங்கை