250 வாட் புண்ணியவான்கள்

நாரணாபுரத்திலிருந்து பட்டாசு ஆலைக்குப் போகிறவரிடம் மின் ஸ்கூட்டரை விற்க ஓர் எண் போதும்: 250 வாட். "அண்ணாச்சி, லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்சூரன்சும் வேண்டாம்!" எண்ணைச் சொன்னதுமே ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆவியாகிவிடுகிறது.

விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன், அதாவது அரை மணி நேரம் விடாமல் தரும் சக்தி, 250 வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே. பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள். 250-க்குக் கீழே என்றால் 249. ஆக, '250' என்று பெருமையாக ஒட்டிய ஸ்டிக்கரே முதல் குற்றவாளி. அதைப் படித்துப் பார்க்க யாருக்கு நேரம்?

சரி, யோக்கியமான 250 வாட்டே இருக்கட்டும். வண்டி, பேட்டரி, புருஷன், பெண்டாட்டி எல்லாம் சேர்த்து 200 கிலோ. இருபது அடிக்கு ஓரடி ஏறும் மேம்பாலத்தில் டயர் உராய்வு போக அந்தச் சக்தி ஏற்றும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர். பின்னால் இருப்பவர் இறங்கி நடந்தால் கூடவே வந்துவிடலாம்.

இந்த மலிவு வண்டிகளில் பெரும்பாலும் ஹப் மோட்டார். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார், பெல்ட் இல்லை, செயின் இல்லை, விலை குறைவு. ஆனால் சக்கரம் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரும் மெதுவாகத்தான் சுற்றும். அப்போது இழுக்கிற கரண்டில் பெரும்பகுதி காயிலைச் சுடுவதற்கே போகும். மிட் டிரைவ் சைக்கிளில் மோட்டார் பெடல் பக்கம் இருக்கிறது. முதல் கியருக்கு மாற்றினால், சக்கரம் தவழ்ந்தாலும் மோட்டார் தன் வேகத்தில் சுற்றும், தேய்வது செயின்தான். விதிக்கு இரண்டும் ஒன்று. மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. ஓசூரில் டி.வி.எஸ். ஐக்யூப் ஹப் மோட்டாரோடும், ஏத்தர் 450 நடுமோட்டாரோடும் பிறக்கின்றன. கிலோவாட் கணக்கில் சக்தி இருப்பதால் இரண்டுமே நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டுதான் ரோட்டுக்கு வருகின்றன.

ஏற்றத்தில் திணறும் வண்டியை யார் வாங்குவார்? எனவே சோதனைக்கூடத்துக்கு ஒரு மோட்டார், கடைக்கு அதைவிடப் பெரிய மோட்டார். ஸ்டிக்கர் மட்டும் மாறாது. 2023-இல் கேரளப் போக்குவரத்துத் துறை கடைகளுக்குள் நுழைந்தபோது அகப்பட்டவை இப்படிப்பட்ட வண்டிகளே. அறைக்கு இத்தனை பேர் என்று பலகையில் எழுதிவிட்டு, உள்ளே கூட்டத்தை அடைத்துப் பட்டாசு செய்த ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தையை விளக்க வேண்டியதில்லை.

அந்த வண்டி 45-இல் போய் ஒருவரை இடிக்கும் நாளில் கணக்கு தலைகீழாகும். மோட்டாரை அளந்து பார்த்தால் அது மோட்டார் வாகனம். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, வண்டிக்குப் பதிவில்லை, இன்சூரன்ஸ் இல்லை. இழப்பீடு அவர் தலையில். ஆலையில் நாள்கூலி வாங்குகிறவர் அதை எத்தனை தீபாவளிக்குக் கட்டி முடிப்பார்? ஸ்டிக்கர் ஒட்டியவரைத் தேடிப் போனால், "நாங்க 250 வாட்டுன்னுதானே பில் போட்டோம், அண்ணாச்சி" என்பார்.