வீடியோவுக்குக் கீழே நாலு வரி

கேள்வி: தையல் பயிற்சி மையம் நடத்துகிறேன். லைனிங் பிளவுஸ் கட்டிங் பற்றி 32 நிமிட வீடியோ போட்டிருக்கிறேன். டிஸ்கிரிப்ஷனில் மையத்தின் பெயர், முகவரி, போன் நம்பர், வகுப்பு நேரம் எல்லாம் இருக்கிறது. இதற்கு மேல் என்ன எழுதுவது?
*(பயிற்சியாளர், திண்டுக்கல்)*

பதில்: வீடியோவில் என்ன இருக்கிறது என்பதை எழுத வேண்டும். அது மட்டும்தான் விட்டுப்போயிருக்கிறது!

டிஸ்கிரிப்ஷனுக்கு 5,000 எழுத்துகள் வரை இடம் உண்டு. ஆனால் ‘மேலும்’ என்பதைத் தொடாதவர் கண்ணில் படுவது முதல் ஓரிரு வரிதான். அந்த இடத்தை இப்போது உங்கள் முகவரி பிடித்துக்கொண்டிருக்கிறது. தேடி வரும் பெண்ணுக்கு வேண்டியது மூன்று விவரம்: எந்த அளவு பிளவுஸ், எவ்வளவு துணி, புதிதாக வெட்டுபவருக்குப் புரியுமா. அவற்றை மேலே வையுங்கள். முகவரியும் போன் நம்பரும் கீழே போகட்டும். வீடியோவில் நன்றாகக் கற்றுக்கொண்டவர் அங்கே தேடிக்கொண்டு வருவார்.

உங்கள் வீடியோவுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

```
34 இன்ச் லைனிங் பிளவுஸ் கட்டிங்: அளவு பிளவுஸ் வைத்து
வெட்டும் முறை, புதிதாகப் பழகுபவர்களுக்கு.
துணி 1 மீட்டர், லைனிங் 1 மீட்டர்.
Lining blouse cutting in Tamil for beginners, 34 size.

0:00 வெட்டிய துண்டுகள் மொத்தமும்
0:50 துணி, லைனிங், கருவிகள்
2:35 அளவு பிளவுஸில் அளவு எடுப்பது
8:10 பின்பக்கம்: கழுத்து, ஷோல்டர்
14:20 முன்பக்கம்: ஆம்ஹோல் வளைவு
20:45 டார்ட் குறிப்பது
25:30 கை வெட்டுவது
29:40 பட்டிகள், மீதித் துணி
```

இதற்குக் கீழே வகுப்பு விவரம். நேரங்களை மட்டும் உங்கள் வீடியோவைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் நேரம் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். தொட்டால் அந்த இடத்துக்குப் போகிறது. ஆனால் மற்ற சேனல்களில் உள்ளதுபோல் வீடியோவின் பட்டை துண்டு துண்டாகப் பிரியவில்லை. ஏன்?
*(ஆரி வொர்க் ஆசிரியை, ஈரோடு)*

பதில்: நேரத்தைத் தொட்டதும் தாவுவது வேறு, சாப்டராகப் பிரிவது வேறு. முதலாவதற்கு ஒரே ஒரு நேரம் எழுதினாலும் போதும். இரண்டாவதற்கு யூடியூப் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. பட்டியல் 0:00 என்று தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று நேரங்கள் இருக்க வேண்டும். அவை ஏறுவரிசையில் வர வேண்டும். ஒவ்வொரு சாப்டரும் 10 விநாடியாவது ஓட வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலின் முதல் வரி 0:45. முன்னுரை முடிந்து பாடம் தொடங்கும் இடத்தைப் போட்டிருக்கிறீர்கள். நியாயம்தான், ஆனால் அந்த முன்னுரைக்கும் ஒரு பெயர் வைத்து 0:00 என்று மேலே ஒரு வரி சேர்த்தால்தான் கதவு திறக்கும். இன்னொன்று, நான்காவது வரியில் 12.30 என்று புள்ளி வைத்திருக்கிறீர்கள். அங்கே முக்காற்புள்ளி வர வேண்டும். ஒரு மணி நேரத்தைத் தாண்டிய வீடியோ என்றால் 1:02:15 என்று மணியையும் சேர்த்து எழுதுங்கள்.

சேமித்தபின் வீடியோவைத் திறந்து பட்டையின் மேல் மவுஸை நகர்த்துங்கள். இடையிடையே வெட்டும், ஒவ்வொரு துண்டுக்கும் பெயரும் தெரிந்தால் சரி. எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? சேனல்மீது ஸ்ட்ரைக் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாப்டர் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: சாப்டருக்கு ‘பாகம் 1’, ‘பாகம் 2’ என்று பெயர் வைத்தால் போதாதா?
*(கம்ப்யூட்டர் சென்டர் உரிமையாளர், தென்காசி)*

பதில்: உங்களுக்குப் போதும், எந்தப் பாகத்தில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மாணவருக்குத் தெரியாதே! ‘டார்ட் குறிப்பது’, ‘ஜிஎஸ்டி பில் போடுவது’ என்று செய்யும் வேலையையே பெயராக வையுங்கள். அதை முதல் இரண்டு மூன்று சொல்லுக்குள் சொல்லிவிடுங்கள். போனில் நீளமான பெயர் முழுதாகத் தெரியாது.

நேரத்தைக் குறிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சுண்ணாம்புக்கட்டி துணியில் பட்ட விநாடியைக் குறித்தால், தாவி வருபவர் முதல் கோடு எங்கிருந்து தொடங்கியது என்பதைத் தவறவிடுவார். ‘இப்போது ஆம்ஹோல் போடலாம்’ என்று நீங்கள் வாய் திறக்கும் இடத்தைக் குறியுங்கள். இரண்டு மூன்று விநாடி முன்னால் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பின்னால் போனால் மாணவர் விரலால் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: கீவேர்டு தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? எங்கள் மாணவிகள் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள்.
*(தையல் ஆசிரியை, காரைக்குடி)*

பதில்: பேசுவது தமிழ். தட்டுவது? உங்கள் வகுப்பிலேயே கேட்டுப் பாருங்கள். போனில் தேடும்போது பலர் ஆங்கில எழுத்தில் `blouse cutting in tamil` என்றுதான் தட்டுகிறார்கள். `alavu blouse vachu cutting` என்று தமிழையே ஆங்கில எழுத்தில் போடுபவர்களும் உண்டு. குரலில் தேடுபவர்களும், தமிழ் கீபோர்டு வைத்திருப்பவர்களும் ‘அளவு பிளவுஸ்’ என்று தமிழெழுத்தில் வருவார்கள். ஆகவே முதல் வரி தமிழெழுத்தில் இருக்கட்டும், அதற்கடுத்து ஒரே ஒரு வரி ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். இரண்டும் படித்தால் பொருள் தரும் வாக்கியமாக இருக்க வேண்டும்.

சொற்களை நாமே கற்பனை செய்ய வேண்டியதில்லை. உங்கள் தேடல் பழக்கம் குறுக்கே வராதபடி இன்காக்னிட்டோ பக்கத்தில் யூடியூபைத் திறந்து `lining blouse` என்று மட்டும் தட்டி நிறுத்துங்கள். கீழே விழும் பரிந்துரைகள் ஜனங்கள் தேடும் சொற்களையொட்டி வருபவை. இதைவிட நல்ல இடம் உங்கள் யூடியூப் ஸ்டூடியோவுக்குள்ளேயே இருக்கிறது. அனலிட்டிக்ஸில் பார்வைகள் எங்கிருந்து வந்தன என்ற பகுதிக்குப் போய் `YouTube search` என்பதைத் தொட்டால், எந்தச் சொல்லைத் தட்டி உங்கள் வீடியோவுக்கு வந்தார்கள் என்ற பட்டியல் வரும். நீங்கள் ‘மேற்சட்டை தயாரிப்பு’ என்று எழுதியிருக்க, அவர்கள் ‘ஜாக்கெட் கட்டிங்’ என்று வந்திருப்பார்கள். அவர்கள் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். டிஸ்கிரிப்ஷனின் அடியில் ‘பிளவுஸ், சுடிதார், பாவாடை, பிரைடல், டிசைனர்...’ என்று 50 சொல்லைக் கொட்டாதீர்கள். அப்படி டேக்குகளை அளவுக்கு மீறி அங்கே அடுக்குவது யூடியூபின் ஸ்பாம் விதிக்கு எதிரானது. அதற்காக வீடியோவையே நீக்கலாம். வீடியோவில் சுடிதார் இல்லையென்றால் டிஸ்கிரிப்ஷனிலும் வேண்டாம். சுடிதார் தேடி வந்தவர் பத்து விநாடியில் போய்விடுவார்.

கேள்வி: அப்படியானால் ‘டேக்’ என்று தனியாக ஒரு பெட்டி இருக்கிறதே, அது எதற்கு?
*(அதே வாசகி)*

பதில்: 500 எழுத்துகள் கொள்ளும் பெட்டி அது. வீடியோவைக் கண்டுபிடிக்க வைப்பதில் அதன் பங்கு மிகக் குறைவு என்று யூடியூபே சொல்கிறது. அடிக்கடி எழுத்துப் பிழையோடு தேடப்படும் சொற்களுக்குப் பயன்படும். `blouse` என்பதை `blows` என்று தட்டுபவர்களை அங்கே வரவேற்கலாம். இரண்டு நிமிடத்துக்கு மேல் அதில் செலவிடாதீர்கள்.

கேள்வி: ஹாஷ்டேக் எத்தனை போடலாம்?
*(மாணவர், மதுரை)*

பதில்: மூன்று போதும், தலைப்பருகே அதற்கு மேல் காட்டமாட்டார்கள். 60ஐத் தாண்டினால் அத்தனையையும் ஒதுக்கிவிடுவார்கள்.

கேள்வி: பிரபலமான ஒரு தையல் சேனலின் பெயரை டிஸ்கிரிப்ஷனில் சேர்த்தால் அவர்கள் பார்வையாளர்கள் நமக்கும் வருவார்களா?
*(வாசகர், கோவை)*

பதில்: எச்சரிக்கைதான் வரலாம்.

கேள்வி: முன்னுரை நீளம் என்று ஸ்டூடியோவிலேயே முதல் 45 விநாடியை வெட்டிவிட்டேன். இப்போது சாப்டர் எல்லாம் தாறுமாறாகிவிட்டது.
*(பயிற்சியாளர், திருச்சி)*

பதில்: ஸ்டூடியோவின் எடிட்டரில் வெட்டினால் லிங்க்கும் பார்வை எண்ணிக்கையும் அப்படியே இருக்கும். ஆனால் டிஸ்கிரிப்ஷனில் நீங்கள் எழுதிய நேரங்கள் தாமாக மாறாது. ஒவ்வொன்றிலும் 45 விநாடி கழிக்க வேண்டும்.

மேலே திண்டுக்கல்காரருக்குக் கொடுத்த பட்டியலையே வைத்துச் செய்து பார்ப்போம். 2:35 என்பது 1:50 ஆகும், 8:10 என்பது 7:25 ஆகும், 14:20 என்பது 13:35 ஆகும். இதுவரை சுலபம். சிக்கல் ஆரம்பத்தில் இருக்கிறது. 0:50 என்பது 0:05 ஆகிவிடும், முதல் சாப்டருக்கு ஐந்தே விநாடிதான் மிஞ்சும். 10 விநாடி நிபந்தனை உடைந்து மொத்தச் சாப்டர்களும் காணாமல் போகலாம். அதனால் முதல் வரியை நீக்கிவிட்டு, ‘துணி, லைனிங், கருவிகள்’ என்பதையே 0:00 ஆக்கிவிடுங்கள். திருத்தியபின் கடைசிச் சாப்டரை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அது சரியான இடத்தில் விழுந்தால் நடுவில் உள்ளவையும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

கேள்வி: சாப்டர் போட்டால் வேண்டிய இடத்துக்குத் தாவிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்களே? பார்க்கும் நேரம் குறையாதா?
*(டேலி பயிற்சியாளர், சேலம்)*

பதில்: சினிமா விமர்சனத்துக்கு இந்தக் கவலை பொருந்தலாம். பாடம் நடத்தும் சேனலுக்கு, தாவிப் பார்ப்பவர்தான் முக்கியமான மாணவர். முதல் நாள் முழுதாகப் பார்த்தவர், மறுநாள் துணியை விரித்துக் கத்தரியைக் கையில் எடுத்தபின் ஆம்ஹோல் வளைவுக்காக மட்டும் திரும்பி வருகிறார். அந்த இடம் கிடைக்காவிட்டால் சாப்டர் வைத்திருக்கும் இன்னொரு வீடியோவுக்குப் போவார், அங்கேயே தங்குவார்.

சந்தேகமிருந்தால் அனலிட்டிக்ஸில் அந்த வீடியோவின் ரிட்டென்ஷன் கோட்டைப் பாருங்கள். சட்டென்று மேலே எழும் மேடு, ஜனங்கள் திரும்பப் பார்க்கும் அல்லது நேராகத் தாவி வரும் இடம். அந்த மேடு ஒரு நீளமான சாப்டரின் நடுவில் இருந்தால், அங்கே புதிதாக ஒரு சாப்டரைப் பிரித்து வையுங்கள். கூகுள் தேடலிலும் இந்த நேரங்கள் முக்கியத் தருணங்களாகத் தெரிய வாய்ப்புண்டு. அப்படி வருபவர் நேராகத் தன் சந்தேகத்துக்கே வந்து சேருவார். சுற்றி அலைய விடாத ஆசிரியரைத்தான் மாணவர்கள் தேடி வந்து கட்டணம் கட்டுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: நான் எதுவுமே எழுதாமல் 60 வீடியோ போட்டுவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?
*(தையல் மையம், திருநெல்வேலி)*

பதில்: அறுபதையும் தொடாதீர்கள். தேடல் வழியாக அதிகம் பேர் வரும் ஐந்து வீடியோக்களை அனலிட்டிக்ஸில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு முதல் இரண்டு வரியையும் சாப்டரையும் எழுதுங்கள். பழைய வீடியோவின் டிஸ்கிரிப்ஷனைத் திருத்துவதால் பார்வை எண்ணிக்கை குறையாது.

இனி ஏற்றப்போகும் வீடியோக்களுக்கு, மையத்தின் முகவரியையும் வகுப்பு விவரத்தையும் ஸ்டூடியோ செட்டிங்ஸில் `Upload defaults` பகுதியில் ஒருமுறை எழுதி வைத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் பிரவுசரில் ஏற்றும் ஒவ்வொரு புதிய வீடியோவிலும் அது தானாக வந்து நிற்கும். அதற்கு மேலே பாடத்தின் வரிகளையும் நேரங்களையும் மட்டும் சேர்த்தால் போதும். வீடியோவை எடிட் செய்யும்போதே ஒரு தாளில் நேரங்களைக் குறித்துக்கொண்டால் இது பத்து நிமிட வேலை. ஏற்றிய பிறகு உட்கார்ந்தால் வீடியோ முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.